இஸ்திரி வண்டியில் கரி ஏன் இன்னும் கனல்கிறது?

சென்னையில் இஸ்திரி வண்டி இல்லாத குடியிருப்புத் தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மரநிழலில் நாலு சக்கரத் தள்ளுவண்டி, மேலே தகரக் கூரையோ தார்ப்பாயோ, பலகைமேல் மடித்துப் போட்ட கம்பளி, அதன்மேல் பழைய வேட்டி, ஓரத்தில் கரிப்பெட்டி. தெருவிலுள்ள எல்லா வீட்டுச் சமையலறைகளிலிருந்தும் விறகு, மண்ணெண்ணெய், கரி மூன்றும் போய்ப் பல காலம் ஆகிறது. அந்த வீடுகளின் துணியைத் தேய்க்கும் வண்டியில் மட்டும் கரி நிற்கிறது. அரசு விலையில்லாமல் கேஸ் பெட்டி கொடுத்துப் பார்க்கிறது. சூரிய ஒளியில் ஓடும் வண்டியை ஒரு பள்ளி மாணவி வடிவமைத்துக் காட்டிவிட்டார். மின்சாரப் பெட்டியோ எந்தக் கடையிலும் கிடைக்கிறது. இத்தனைக்குப் பிறகும் கரி ஏன்?

பழக்கம், படிப்பில்லாமை, புதியதைக் கண்டால் தயக்கம் என்று இதற்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதில் தேய்ப்பவர்களுக்கு அநியாயம் செய்கிறது. அவர்களைப் போல எரிபொருள் கணக்கை நாள்தோறும் போடுகிறவர்கள் குறைவு. கரி நீடிப்பதன் காரணத்தைப் பெட்டியில் தேடிப் பயனில்லை. அது வண்டி நிற்கும் இடத்தில் இருக்கிறது.

இந்தத் தொழில் தெருவுக்கு வந்ததே அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன் அது ஆற்றங்கரையிலும் துறையிலும் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையிலும், சேத்துப்பட்டில் துவைகல் வரிசை கட்டிய சலவைத் துறையிலும் வெளுப்பும் தேய்ப்பும் ஒரே குடும்பத்தின் ஒரே வேலையாக நடந்தன. கிராமத்தில் கூலி தானியமாக வந்தது. ஊருக்குத் துவைப்பது சாதி சுமத்திய கடமையாக இருந்தது, மறுக்க வழியில்லை. நகரத்தில் அது உருப்படிக்கு இவ்வளவு என்று காசுக் கணக்கானது. பிறகு நடுத்தர வீடுகளுக்கு வாஷிங் மெஷின் வந்தது, துவைப்பு வீட்டுக்குள் போய்விட்டது. மெஷினில் சுழன்று வரும் சட்டை முன்பைவிட அதிகமாகக் கசங்கியிருந்ததால் தேய்ப்பு மட்டும் வெளியே தங்கியது. துறை தேவையில்லை, தண்ணீர் தேவையில்லை, ஒரு பலகையும் பெட்டியும் போதும் என்றானபோது தொழில் வாடிக்கையாளர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. வந்த இடத்தில் அதற்கென்று ஒரு சதுர அடிகூட யாரும் ஒதுக்கவில்லை.

கரிப்பெட்டியோடு வேலை செய்வது எப்படிப்பட்டது என்று அருகில் நின்று பார்த்தால்தான் பேச்சு தெளிவாகும். பித்தளை அல்லது வார்ப்பிரும்புப் பெட்டி, ஆறேழு கிலோ எடை. காலையில் கொட்டாங்கச்சியைக் கொளுத்தி அதன்மேல் கரித்துண்டுகளைப் போட்டு, விசிறியோ பழைய அட்டையோ கொண்டு வீசினால், தணல் சீராகப் பிடிக்க அரை மணி நேரம் ஆகும். பக்கத் துளைகள் காற்றுக்கு. பெட்டியை முன்னும் பின்னும் ஒரு தரம் வீசி ஆட்டினால் சாம்பல் வெளியே பறந்து கங்கு சிவக்கும். பிறகு ஈரச் சாக்கில் அடிப்பாகத்தை இழுத்துத் துடைக்க வேண்டும். சாக்கிலிருந்து எழும் சத்தமே வெப்பமானி. சுரீரென்று ஒரே சத்தமாக வந்து ஆவி உடனே அடங்கினால் பருத்திக்குச் சரியான சூடு. மெதுவாக முனகினால் பாலியஸ்டருக்கு.

வீட்டு மின்பெட்டியில் புள்ளி போட்ட திருகு இருக்கிறது. துணியின் உள்பக்கச் சீட்டில் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி செல்சியசுக்கு மேல் போகக் கூடாது, இரண்டு புள்ளிக்கு 150, மூன்றுக்கு 200. கரிப்பெட்டியில் திருகு இல்லை. ஏறிய சூட்டை உடனே இறக்கவும் முடியாது. அதனால் கரியில் தேய்ப்பவர் நெருப்பின் போக்குக்கு ஏற்பத் துணியை வரிசைப்படுத்துகிறார். புதுத் தணலில் வேட்டி, பருத்திப் புடவை, பள்ளிச் சீருடை. தணல் நீறு பூக்கத் தொடங்கியதும் டெர்ரிகாட்டன் சட்டை. கடைசிச் சூட்டில் பட்டும் சிந்தெட்டிக்கும். மறுபடி கரி போட்டதும் மறுபடி பருத்தி. “என் ஒரே ஒரு சட்டையை இப்போதே தேய்த்துக் கொடுங்கள்” என்று அவசரப்படுகிறவரிடம் தேய்ப்பவர் தயங்குவது இதனால்தான். அந்தச் சட்டைக்கு உரிய சூடு அந்த நேரத்தில் பெட்டியில் இல்லை.

தவறினால் என்ன ஆகும்? பருத்தி முதலில் வைக்கோல் நிறத்துக்கு மாறும். அப்போதே கையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் துவைப்பில் போய்விடும். சிந்தெட்டிக் அப்படி எச்சரிக்கை கொடுப்பதில்லை. மேற்பரப்பு பளபளக்கும், அடுத்த நொடி இழை உருகி ஒட்டும். அந்தப் பளபளப்பு திரும்பப் போகாது. கரியிலேயே குறை இருந்தால் வெள்ளைச் சட்டைக்கு ஆபத்து. நன்றாக வெந்த கரியைத் தட்டினால் உலோகம்போல் கணீரென்று ஒலிக்கும். பாதி வெந்தது மந்தமாக ஒலிக்கும், புகையும், புகை துணியில் மங்கலான கறையாக இறங்கும். ஈரக்கரி வெடித்துப் பொறி தெறிக்கும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் தரிசில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, நாள்கணக்கில் மூட்டம் போட்டு எடுக்கிற கரி மூட்டை மூட்டையாக நகரங்களுக்கு வருகிறது. சென்னைத் தெருவின் சட்டை மடிப்புக்கும் அந்தக் கரிசல் காட்டின் மூட்டத்துக்கும் உள்ள தொடர்பை யாரும் நினைப்பதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். கணவன் தேய்க்க, மனைவி மாடி மாடியாக ஏறித் துணி எடுத்து வந்து கொடுக்கும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். மேற்கு மாம்பலம் மாதிரி நெரிசலான பகுதி. நாளைக்கு 90 உருப்படி, ஒன்றுக்குச் சராசரி நாலு நிமிடம் என்றால் பெட்டி ஆறு மணி நேரம் துணிமேல் ஓடுகிறது. சட்டைக்கு 10 ரூபாயிலிருந்து 15 ரூபாய்வரை வாங்குகிறார்கள். சராசரி 12 என்று வைத்தால் வரவு 1,080 ரூபாய். கரி நாளைக்கு 5 கிலோ, கிலோ 50 ரூபாய் என்று கொண்டால் 250 ரூபாய் தணலாகப் போகிறது. கிட்டத்தட்ட கால் பங்கு.

இதே வேலைக்கு மின்சாரம் எவ்வளவு ஆகும்? ஒரு கிலோ கரியில் ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. ஆக 5 கிலோவில் 40 யூனிட். 1,000 வாட் மின்பெட்டி ஆறு மணி நேரமும் விடாமல் எரிவதில்லை, சூடு ஏறியதும் தானாக நின்று நின்று எரியும். எனவே 4 யூனிட் சுமாராகப் போதும். அதாவது கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் துணிக்கு வேலை நடக்கிறது. மிச்சம் காற்றில், தேய்ப்பவரின் முகத்தில், மார்பில். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று தாராளமாகவே போட்டாலும் மின்செலவு 40 ரூபாய். நாளைக்கு 210 ரூபாய் மிச்சம், மாதத்தில் 26 வேலைநாள் என்றால் 5,460 ரூபாய். பெட்டி வாங்கிய பணம் சீக்கிரமே திரும்பிவிடும்.

இந்தக் கணக்கு வண்டிக்காரர்களுக்குத் தெரியாததல்ல. ஒரு வண்டியில் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். பாதியிலேயே நிறுத்தி, “கரண்டுப் பெட்டி நல்லாத்தான் சார் இருக்கு. யார் வீட்டு கரண்டு, அதைச் சொல்லுங்க” என்றார். முழுப் பிரச்சினையும் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

வண்டி நிற்பது மாநகராட்சி நடைபாதையில். மின்வாரியத்தில் இணைப்புக் கேட்டால் இடத்தின் உரிமைக்கோ, உரிமையாளர் சம்மதத்துக்கோ ஆவணம் காட்ட வேண்டும். நடைபாதைக்கு எந்த உரிமையாளரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது? ஆகவே பலர் எதிர்வீட்டிலிருந்தோ பக்கத்துக் கடையிலிருந்தோ ஒயர் இழுத்து மாதத்துக்கு ஒரு தொகை கொடுக்கிறார்கள். வீட்டு இணைப்பிலிருந்து தொழிலுக்கு மின்சாரம் கொடுப்பது 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. மாட்டினால் வீட்டுக்காரர் பெயரில்தான் அபராதம் வரும். அது ஒருபுறம் இருக்கட்டும், பில்லையே பாருங்கள். நாளைக்கு 4 யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் 200 யூனிட்டுக்கு மேல் கூடுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதப் பயன்பாட்டின்மேல் படிப்படியாக ஏறுகிறது, 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கு உண்டான சலுகையும் போய்விடுகிறது. ஏற்கெனவே 350 யூனிட் ஓடும் ஒரு வீடு இந்த ஒயரால் அந்தக் கோட்டைக் கடந்துவிடும். முதல் பில்லில் முகம் சுளிக்கும் வீட்டுக்காரர் இரண்டாம் பில்லில் ஒயரைக் கழற்றச் சொல்வார். நல்ல மனிதராக இருந்தாலும் சொல்வார். கரிக்கு இப்படி யாருடைய தயவும் வேண்டியதில்லை. நூறு ரூபாய்க்கு வாங்கலாம், இன்று வேலை குறைவென்றால் குறைத்துப் போடலாம், மின்வெட்டிலும் எரியும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது. அப்படிப்பட்ட நாளிலும் கரிப்பெட்டி வேலைக்குத் தயாராக இருக்கும்.

கேஸ் பெட்டி இந்தச் சிக்கலுக்கு நடுவழி. பெட்டிக்குள் பர்னர், ரப்பர் குழாய், கீழே 5 கிலோ சிலிண்டர். சூடு விரைவில் ஏறும், சாம்பல் கிடையாது, தீயைக் கூட்டிக் குறைக்கலாம். துணியை நெருப்புக்கேற்ப வரிசைப்படுத்தும் கட்டாயம் தளர்கிறது. தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை முன்பு கரிப்பெட்டி கொடுத்துவந்த இடத்தில் இப்போது கேஸ் பெட்டி கொடுப்பது சரியான திசை என்றே நினைக்கிறேன். 5 கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்க முடிவதும் நகரத்தில் நிலையான முகவரி இல்லாத குடும்பங்களுக்குப் பெரிய உதவி.

ஆனாலும் கொடுத்த பெட்டி வண்டிக்கடியில் மூட்டை கட்டிக் கிடப்பதையும் பார்க்கலாம். குழாய் ஒவ்வொரு இழுப்புக்கும் கூடவே வந்து புடவையின் ஓரத்தை இழுக்கிறது. வளைந்து வளைந்து பெட்டியோடு சேரும் இடத்தில்தான் முதலில் வெடிப்பு விடும், சோப்பு நுரை தடவிப் பார்த்தால் குமிழ் வரும். அதை மாற்ற எங்கே போவது என்று பெட்டி கொடுத்தபோது யாரும் சொல்லவில்லை. சிலிண்டருக்கு மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் எடுத்து வைக்க வேண்டும். இரவில் அதை வண்டியில் விட்டுப் போக முடியாது, வீட்டுக்குத் தூக்க வேண்டும். விலை குறைவென்று வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரை மாட்டினால் அது குற்றம். இத்தனையையும் சமாளிக்கிறவர்கள் கேஸிலேயே நிலைக்கிறார்கள், குறிப்பாக வேலை அதிகமுள்ள வண்டிகள். நாளைக்கு முப்பது நாற்பது உருப்படி மட்டும் வருகிறவர்கள் கரிக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

சூரிய வண்டியைப் பற்றி மரியாதையோடு பேச வேண்டும். திருவண்ணாமலையைச் சேர்ந்த மாணவி வினிஷா உமாசங்கர் தன் தெருவில் எரிந்து கொட்டப்படும் கரியைப் பார்த்து யோசிக்கத் தொடங்கியவர். சைக்கிள் வண்டியின் கூரையில் சூரியத் தகடு, பேட்டரி, மின்பெட்டி என்ற அவருடைய வடிவமைப்புக்கு 2020இல் ஸ்வீடனில் வழங்கப்படும் சிறார் காலநிலைப் பரிசு கிடைத்தது. 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தார், கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். தேய்ப்பு வண்டியின் புகை உலகம் கவனிக்கும் விஷயமானது அவரால்தான்.

தெருவில் நிற்கும் வண்டிக்கு இதைப் பொருத்தும்போது இரண்டு தடைகள் வருகின்றன. முதலாவது பரப்பு. ஆறடிக்கு நாலடி கூரை என்றால் 24 சதுர அடி, அதில் 400 முதல் 450 வாட் தகடு பொருத்தலாம். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், ஆக நம் கூரையில் 2 யூனிட்டுக்கும் குறைவு. 90 உருப்படிக்கு வேண்டியதோ 4. இரண்டாவது தடை இன்னும் அடிப்படையானது. வண்டி ஏன் அந்த இடத்தில் நிற்கிறது? மரத்துக்காக. தூங்குமூஞ்சியோ புங்கையோ வேம்போ இல்லாத இடத்தில் சித்திரை வெயிலில் சூட்டுப் பெட்டியோடு ஆறு மணி நேரம் நிற்க உடம்பு இடம் கொடுக்காது. தகட்டுக்கு வெயில் வேண்டும், ஆளுக்கு நிழல் வேண்டும். வண்டியை வெயிலுக்குத் தள்ளச் சொல்லும் தீர்வு தேய்ப்பவரின் உடம்பைக் கணக்கில் சேர்க்காத தீர்வு. தெருத்தெருவாக நகர்ந்து அங்கங்கே சிறிது நேரம் தேய்ப்பவருக்கும் உருப்படி குறைவாக வரும் சிற்றூருக்கும் அந்த வண்டி பொருந்தும். மாம்பலத்து மரத்தடிக்குச் சூரியத் தகடு பக்கத்து மொட்டைமாடியில் இருக்க வேண்டும். அப்படியானால் மறுபடியும் இன்னொருவர் இடம்.

சிறு கடைகள் வேறு கதை. மாடிப்படிக்கு அடியில் ஆறடி அகல அறையில் தேய்க்கிறவர்களுக்கு மின்சாரம் இருக்கும், வாடகையும் இருக்கும். பில் ஏறுகிறதென்று அங்கே கரிப்பெட்டியை மூட்டுவதுதான் நான் கண்டதில் மிக ஆபத்தான வழக்கம். திறந்த தெருவில் காற்று கொண்டுபோய்விடும் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தேங்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, மந்தம், குமட்டல் என்று தொடங்கும், வெளியே வந்து நின்றால் சற்று நேரத்தில் தெளியும். “கடையில் இருந்தால் மட்டும் தலை கனக்கிறது” என்று ஒருவர் சொன்னால் அது வெயில் அசதி இல்லை. மழை நாளில் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு கரியில் தேய்ப்பதை உடனே நிறுத்த வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகள் தம் வழியில் ஒரு ஏற்பாட்டைக் கண்டுபிடித்திருக்கின்றன. தரைத்தள கார் நிறுத்துமிடத்தில் ஒரு மூலை, மேசை, ஒரு மின்முனை, அதற்கொரு துணை மீட்டர், மாதந்தோறும் சங்கத்துக்கு ஒரு தொகை. தேய்ப்பவருக்கு நிழல், மின்சாரம், மழைக்கு ஒதுங்க இடம் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கின்றன. வீடு மாறித் துணி போவதும் குறைகிறது. முன்பு சேங்கொட்டைச் சாற்றால் துணி ஓரத்தில் போட்ட அழியாக் குறியின் வேலையை இப்போது பிளாட் எண் எழுதிய துண்டுச் சீட்டு செய்துவிடுகிறது. ஆனால் விலைப் பட்டியலைச் சங்கம் ஒட்டுகிறது, ஆண்டுக்கணக்கில் திருத்துவதில்லை. வெளித்தெரு வாடிக்கை உள்ளே வர வாட்ச்மேன் விடுவதில்லை. சங்க நிர்வாகம் மாறினால் இடமும் போகலாம். எழுத்தில் ஒன்றும் இருக்காது.

இடத்தை எழுத்தில் கொடுக்க ஒரு சட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பொருள் விற்கிறவர்களை மட்டுமல்ல, தெருவில் பொதுமக்களுக்குச் சேவை செய்கிறவர்களையும் தெருவோர வியாபாரி என்றே சொல்கிறது. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. 2020இல் வந்த பிரதமரின் ஸ்வநிதி கடன் திட்டமும் சலவைச் சேவையைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆனால் தேய்ப்பவர்கள் பலர் தங்களைத் தெருவோர வியாபாரியாக நினைப்பதில்லை. காய்கறிக்காரருக்கும் பூக்காரருக்கும் உள்ள சட்டம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். கணக்கெடுக்க வருகிறவர்களும் கடைவீதியைத்தான் சுற்றுகிறார்கள், உள் தெருவின் மரத்தடி வரை வருவது அரிது. வண்டியின் சக்கரம் துருப்பிடித்து செங்கல்லில் முட்டுக் கொடுத்து இருபது வருடமாக அங்கேயே நின்றாலும் அதற்கு ஒரு தாள்கூட இருக்காது. மழைநீர்க் கால்வாய்ப் பணிக்காகத் தெருவைத் தோண்டும்போது முதலில் நகர்வது அந்த வண்டிதான், வேலை முடிந்ததும் பழைய இடம் கிடைக்குமா என்பது எதிர்வீட்டுக்காரரின் மனநிலையைப் பொறுத்தது.

ஆகவே பெட்டி கொடுக்கும் திட்டங்களோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று வாதிடுகிறேன். விற்பனைச் சான்றிதழை மின்வாரியம் இட ஆவணமாக ஏற்க வேண்டும். அதைக் காட்டுகிறவருக்குத் தெருக்கம்பத்தையொட்டிச் சிறு மீட்டர் பெட்டியும் அவர் பெயரிலேயே பில்லும் கொடுத்தால் நாளைக்கு 210 ரூபாய் வித்தியாசம் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். கரியை விடச் சொல்லி யாரும் பிரசாரம் செய்ய வேண்டியிருக்காது. இணைப்பு கொடுக்கும்போது தகர வண்டி, ஈரச் சாக்கு, தண்ணீர் தெளித்த துணி மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதை மறக்கக் கூடாது. முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அறுந்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்ச், மழைத்தண்ணீர் எட்டாத உயரத்தில் பிளக், தேய்ப்பவர் காலடியில் ரப்பர் விரிப்பு அல்லது காய்ந்த மரப்பலகை ஆகியவை இணைப்போடு சேர்ந்தே வர வேண்டும். எதிர்வீட்டிலிருந்து மரக்கிளை வழியாக இழுத்த ஒயரில் இன்று இவற்றில் எதுவும் இல்லை.